தெரிவிக்கப்பட்டவள்

கடிதத்தை எழுதி முடிக்க எங்களுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. ஒரு பக்கக் கடிதம்தான்.

ரஃபாவின் அம்மா தோரிகா ஆன்ட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். வேலை முடிந்து நான் சுவா நகரில் சமபுலாவுக்குப் பஸ் ஏறி வருவேன். ரஃபா பள்ளிக்கூடத்திலிருந்து கணக்கு நோட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவான். நோட்டுகள் ஒரு ஓரம், கடிதம் ஒரு ஓரம், நடுவில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் டின் மீனும். எனக்கு மட்டும் தனியாகப் பருப்பு. மீனும் கோழியும் நானும் சாப்பிடுவேன் என்று பலமுறை சொல்லியாயிற்று. இந்துப் பெண் என்றால் பருப்பு என்று ஆன்ட்டி முடிவு செய்திருந்தார்.

கடிதம் பேராயருக்கு. ரஃபா கத்தோலிக்கன். ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பவன், நற்கருணை கொடுக்க உதவுபவன். நான் இந்து. மார்ச் மாதம் நிச்சயம் ஆனது. அவன் உறவுக்காரர்கள் அவர்களுடைய ரொடுமாத் தீவு வழக்கப்படி பாயும், முழுதாக வாட்டிய பன்றியுமாக லௌடோகாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பாயை வாங்கி உள்ளே வைத்தார். பன்றியைப் பக்கத்து வீட்டு ஃபிஜிப் பூர்வகுடிக் குடும்பத்துக்குக் கொடுத்தார். யாரும் வருத்தப்படவில்லை. அதன் பிறகுதான் குழப்பம்.

ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணக்க வேண்டுமானால் பேராயர் விதிவிலக்கு தர வேண்டும். அது இல்லாமல் நடக்கும் கல்யாணம் சபையின் கண்ணில் கல்யாணமே இல்லை. பங்குத்தந்தை ஃபாதர் இலியேசா விண்ணப்பத்தை அவரே அனுப்புவதாகச் சொன்னார். ரஃபாதான் நாமே எழுதுவோம் என்றான்.

"விண்ணப்பத்துல கட்டம் போட்டிருக்கும். நம்ம சந்தேகம் எந்தக் கட்டத்துலயும் அடங்காது, ப்ரனீ."

அது உண்மை. நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கேள்வியைச் சரியாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிறவள். இங்கே கேள்வியே வசப்படவில்லை. ஒவ்வொரு நாளும் எழுதி, மறுநாள் அடித்தோம்.

"பேராயருக்கு வேற வேலை இல்லையா?" ஆன்ட்டி மரவள்ளியை இன்னும் இரண்டு துண்டு ரஃபா தட்டில் போட்டார். "ரெஜிஸ்ட்ரார்கிட்ட போங்க. கையெழுத்துப் போடுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்."

"அம்மா, நீங்களே கோயில்லதானே கட்டிக்கிட்டீங்க. அதுவும் அப்பா கோயில்ல."

"அதனாலதான் சொல்றேன்."

ஆன்ட்டி மெதடிஸ்ட், புராட்டஸ்டன்ட் சபைக்காரர். அவருடைய அப்பா ரொடுமாவின் வடகரையில் பிரசங்கியாக இருந்தவர். ரஃபாவின் அப்பா கபியேலே தென்கரைக் கத்தோலிக்கர், சரக்குக் கப்பலில் வேலை, ரஃபாவுக்குப் பதினாறு வயதானபோது இறந்துவிட்டார். அவர் இறந்த பிறகும் ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை மகனைக் கத்தோலிக்கக் கோயில் வாசலில் விட்டுவிட்டு, தான் அடுத்த தெருவில் இருக்கும் மெதடிஸ்ட் கோயிலுக்கு நடந்து போவார். இன்றைக்கும் அப்படித்தான்.

கடைசியில் கடிதம் இப்படி வந்தது. முதல் பத்தி ரஃபா எழுதியது: வணக்கம், நாங்கள் யார், எங்கள் பெற்றோர் யார், ஆகஸ்டில் திருமணம் என்று நினைத்திருக்கிறோம். மீதி நான் எழுதியது.

"பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்வதாக ரஃபாயெலெ வாக்குக் கொடுக்க வேண்டும் என்று அறிந்தோம். அவரால் இயன்றது எவ்வளவு? நான் சம்மதிக்காவிட்டால் அது இயன்றதில் சேருமா? என் பெற்றோர் அக்கினியைச் சுற்றி வந்து சிந்தூர் வைக்காமல் கல்யாணம் ஆனதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு முறையும் செய்யலாமா? செய்தால் எது கல்யாணம்? நான் எதில் கையெழுத்துப் போடுகிறேன்? போட்ட பிறகு நான் யார்?"

கடைசிக் கேள்வியை அடிக்கலாம் என்றேன். இருக்கட்டும் என்றான் ரஃபா.

ஃபாதர் இலியேசா கடிதத்தைத் தன் அலுவலகத்தில் நின்றபடியே படித்தார். பெரிய உடம்பு, சின்ன மூக்குக்கண்ணாடி.

"நல்லா இருக்கு. எனக்கு இதுல பாதிக்குப் பதில் தெரியும். ஆனா நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பெரியவர் சொல்லட்டும்." விண்ணப்பத்தோடு சேர்த்து உறைக்குள் வைத்தார். "ரஃபா, உன் ஞானஸ்நானச் சான்று வேணும். புதுசா எடுத்தது, ஆறு மாசத்துக்குள்ள தேதி போட்டது. நீ எங்க ஞானஸ்நானம் வாங்கினியோ அந்தக் கோயில் புத்தகத்துல இருந்து."

"எதுக்குப் புதுசு ஃபாதர்? ஞானஸ்நானம் பழசுதானே."

"நீ நடுவுல வேற யாரையாவது கட்டியிருந்தா அந்தப் புத்தகத்து ஓரத்துலதான் எழுதுவாங்க. பழைய சான்றுல அது இருக்காது."

"இவன் யாரையும் கட்டல ஃபாதர்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததில் எனக்கே ஆச்சரியம். ஃபாதர் சிரித்தார்.

ரொடுமாவுக்கு எழுதினோம். பேராயருக்கு ஒரு கடிதம், தீவுக்கு ஒரு செய்தி. இரண்டுக்கும் காத்திருந்தோம்.

பேராயரின் பதில் முதலில் வந்தது. ஃபாதர் எங்களை உட்காரவைத்து அதைக் கையில் கொடுத்தார். இரண்டு பக்கம், தட்டச்சு செய்தது, கையெழுத்துக்கு மேலே பேனாவால் நான்கு வரி.

வாக்குக் கொடுப்பது ரஃபா மட்டும்தான். நான் எதற்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் அவன் கொடுக்கும் வாக்கு எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதன் கனம் உட்பட. படிவத்தில் அந்த வரி இருக்கிறது: கத்தோலிக்கரல்லாத தரப்பினருக்குத் தெரிவிக்கப்பட்டது. என் பெயர் வருவது அங்கேதான். இயன்றதையெல்லாம் என்றால் என்னைக் கட்டாயப்படுத்தியோ, திருமணத்தை உடைத்தோ அல்ல. மனைவியின் மனச்சாட்சியும் அவன் கணக்கில் எடுக்க வேண்டியதுதான்.

திருமணச் சம்மதம் ஒரு முறைதான் கொடுக்கப்படும். கோயிலில் கொடுத்துவிட்டு, மறுநாள் அக்கினி முன் இன்னொரு முறை கொடுக்க முடியாது. முந்தைய நாளும் முடியாது. ஆலயத்தில் நடந்தால் பூசை இல்லாமல், இறைவார்த்தை வழிபாட்டோடு நடக்கும். அல்லது தக்க காரணம் காட்டி, கத்தோலிக்கச் சடங்குமுறையிலிருந்தே விலக்குக் கேட்கலாம். அதைத் தந்தால் எங்கள் பண்டிட் நடத்தும் திருமணமே திருமணம். எது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்து எழுத வேண்டும்.

பேனாவால் எழுதியிருந்தது இது:

"பிள்ளைகளைப் பற்றி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ரஃபாயெலெயின் தாய் மெதடிஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். ப்ரனீதா இப்போது நிற்கும் இடத்தில் அவர் ஒரு காலத்தில் நின்றிருக்கிறார். அவரைக் கேட்டீர்களா?"

நாங்கள் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலை அப்பாவோடு ஃபோனில் பேசினேன்.

"அப்போ எது கல்யாணம்?"

"ஒண்ணுதான் கல்யாணம்பா. எதுன்னு நாங்க சொல்லணும்."

"நீங்க சொல்றதுன்னா எதுக்கு அவருக்கு எழுதினீங்க?"

அம்மா ஃபோனை வாங்கி, ஹாலுக்கு முன்பணம் கட்டியாயிற்று என்று மட்டும் சொன்னாள்.

ரொடுமாவிலிருந்து பதில் அடுத்த வாரம் வந்தது. ரஃபாயெலெ, தந்தை கபியேலே, தாய் தோரிகா: அந்தப் பெயரில் பதிவு இல்லை. பிறந்த வருடம் பார்த்தாயிற்று, முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருடம் பார்த்தாயிற்று. புத்தகம் நல்ல நிலையில் இருக்கிறது, பக்கம் எதுவும் குறையவில்லை.

"எழுத மறந்திருப்பாங்க" என்றான் ரஃபா.

"இருக்கலாம்" என்றார் ஃபாதர். அவர் அடுத்த அலமாரியிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். ரஃபா இதே பங்கில்தான் முதல் நற்கருணையும் உறுதிபூசுதலும் வாங்கியவன். "இங்க பாரு. ஞானஸ்நானம்: ரொடுமா. சான்று புயலில் தொலைந்தது, தாயின் வாய்மொழிப்படி. அப்போ இருந்த ஃபாதர் உங்கம்மா சொன்னதை நம்பி எழுதியிருக்கார்."

"அம்மா சொன்னா போதாதா?"

"போதும். சந்தேகமில்லாத ஒரே ஒரு சாட்சி போதும்னுதான் சட்டம். ஆனா இந்தத் தடவை வேதப்புத்தகத்து மேல கை வெச்சுச் சொல்லணும். ஞானப்பெற்றோர் இருந்தா அவங்களும் சொல்லலாம்."

"ஃபாதர்," நான் கேட்டேன், "யாருமே சொல்ல முடியலைன்னா?"

"அப்போ ரஃபாவும் உன்னை மாதிரிதான்." விளையாட்டாகத்தான் சொன்னார். "ஞானஸ்நானம்தான் வாசல். அதுல நுழையாம உள்ள வாங்கின எதுவும் செல்லாது. ரெண்டு பேருமே வெளியாளுங்கன்னா பேராயர் உங்களுக்கு விதிவிலக்கு குடுக்க ஒண்ணுமில்ல. அவர் கைக்கு வெளிய போயிடுவீங்க."

ரஃபா சிரித்தான். பிறகு ரொம்ப நேரம் அந்தப் புத்தகத்தில் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆன்ட்டியிடம் கேட்டோம். சான்று புயலில் கூரையோடு போய்விட்டது என்றார். புத்தகத்திலும் இல்லையே என்றோம். அந்த ஃபாதருக்கு வயதாகிவிட்டது, மறதி என்றார். யார் அந்த ஃபாதர் என்றான் ரஃபா. ஒரு வெள்ளைக்காரர். ஞானத்தந்தை? கபியேலேயின் சித்தப்பா மகன், இறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே மறுபடி கேட்டபோது அந்த ஃபாதர் டோங்காத் தீவுக்காரராகவும், ஞானத்தந்தை கபியேலேயின் கூட்டாளியாகவும் ஆகியிருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே புட்டித் தண்ணீர் இரண்டு முறை இரண்டு விதமாகக் காட்டினால் கருவியைச் சந்தேகப்படுவேன். ஆன்ட்டியைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. ரஃபாவிடம் சொல்லவும் இல்லை.

ரஃபா ரொடுமாவில் இருக்கும் தன் அத்தைக்கு ஃபோன் போட்டான். கபியேலேயின் அக்கா. ஒலிபெருக்கியில் வைத்தான்.

"உன் ஞானஸ்நானமா? எனக்கு எங்க தெரியும். உங்கம்மா சத்தமில்லாம முடிச்சிட்டான்னு எங்க தம்பி சொன்னான். அவங்கப்பாவுக்குப் பயந்து. நாங்க அதுல கோவிச்சுக்கிட்டு ஒரு வருஷம் பேசல."

"ஏன் அத்தை?"

"ஏன்னா? தலைச்சன் புள்ள. ஒரு பன்னி அடிக்கல, ஒரு பாய் விரிக்கல. எந்தத் தீவுல நடக்கும் இது? உன் பேரைச் சொல்லி நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லடா. கல்யாணத்துலயாவது போடுவியா, இல்ல அந்தப் பொண்ணு பருப்புதானா?"

"பன்னி உண்டு அத்தை" என்றேன் நான், ஃபோனுக்குப் பக்கத்திலிருந்து.

"யாரது, அவளா? சத்தமே வராதுன்னாங்க."

ஆன்ட்டி அப்போது அடுப்பங்கரையில்தான் இருந்தார். தேங்காய் துருவும் சத்தம் நின்றது. மறுபடி கேட்க ரொம்ப நேரம் பிடித்தது.

சாட்சி சொல்ல வருவதாக அவரே சொன்னார். நாங்கள் வற்புறுத்தவில்லை. ரஃபாவுக்கு நிம்மதி. "கை வெச்சு ஒரு வரி சொல்லிட்டா முடிஞ்சது" என்றான். பிறகு எந்தக் கல்யாணம் என்று உட்கார்ந்து பேசலாம் என்றான். எனக்கு மட்டும் அந்தப் பேனா எழுத்து நினைவில் நின்றது. அவரைக் கேட்டீர்களா?

புதன்கிழமை பள்ளி விட்டதும் போனோம். ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் கோயிலுக்குப் போடும் வெள்ளை உடுப்பில் வந்திருந்தார். கத்தோலிக்கப் பங்கு அலுவலகத்துக்குள் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் வந்ததாகச் சொன்னார். எதற்கு என்று ஃபாதர் கேட்கவில்லை. முதல் நற்கருணைக்கு எழுதிக்கொடுக்க என்று நானே புரிந்துகொண்டேன்.

"உக்காருங்க தோரிகா. டீ?"

"வேணாம் ஃபாதர். கையில டீயோட பொய் சொல்ல வராது." சிரிப்பதற்காகச் சொன்னது போலத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஃபாதர் வேதப்புத்தகத்தை மேசை நடுவில் வைத்தார். ஒரு தாளைப் படித்தார். ரஃபாயெலெ, கபியேலேயின் மகன், ரொடுமாவில் தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் பெற்றதை நான் நேரில் கண்டேன். கடவுள் சாட்சி.

ஆன்ட்டி கையைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மேசைமேல் வைத்தார். புத்தகத்தின் மேல் அல்ல.

"நேர்ல பாத்தேன்னு இருக்கா?"

"ஆமா."

"இன்னொரு தடவ படிங்க."

படித்தார். மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. ரஃபா குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். அவனுக்கு அவசரமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தான். அவசரமில்லாதபோது அவன் அப்படி உட்கார மாட்டான்.

அப்போது நான் கேட்டேன். ஃபாதர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அல்ல அது. பேராயர் எங்களைக் கேட்கச் சொன்னது.

"ஆன்ட்டி, ரஃபாவோட அப்பா வாக்குக் குடுத்தப்போ உங்களுக்கும் தெரிவிச்சாங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை அதுவரை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"தெரிவிச்சாங்க. அந்த ஃபாதர் நல்லவரு. ரெண்டு தடவ சொன்னாரு, புரிஞ்சுதான்னு கேட்டாரு. புரிஞ்சுதுன்னேன். எனக்கு அப்போ வயசு இருபத்தொண்ணு. புள்ளைன்னா என்னன்னே தெரியாது. இல்லாத புள்ளைய யாருக்குக் குடுத்தா என்ன."

"அப்புறம்?"

"அப்புறம் புள்ள பொறந்தான்." ரஃபாவைப் பார்க்கவில்லை. "இவங்கப்பா கப்பல்ல. நான் எங்கப்பா வீட்டுல. எங்கப்பா சொன்னாரு, அங்க கொண்டுபோனா இந்த வாசல்படி ஏறாதேன்னு. அப்போ நம்ம கோயில்லயே பண்ணிடுங்கன்னேன். அது உன் புருஷன் குடுத்த வாக்கு, அதை மீற வைக்கவும் நான் வரமாட்டேன்னாரு. பிரசங்கி இல்லையா. ரெண்டு பக்கமும் அடைச்சு வெச்சிட்டாரு."

"ரெண்டு கோயிலும் ஒரே ஞானஸ்நானத்தைத்தான் குடுக்குது, தோரிகா" என்றார் ஃபாதர் மெதுவாக. "எங்க குடுத்திருந்தாலும் நாங்க ஏத்துக்குவோம்."

"இது இப்போ சொல்றீங்க."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கபியேலே கப்பல்லேருந்து பேசினாரு. அப்போ ரேடியோ டெலிஃபோன்தான், அரசாங்க நிலையத்துல. எனக்குப் பின்னாடி வரிசை. பாதிப் பேரு வடக்கு, பாதிப் பேரு தெற்கு. நாம பேசறது மொத்தமும் அறைக்குக் கேக்கும். ஆச்சான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னா தெக்கத்திக்காரங்க எங்கப்பாவத் தேடி வருவாங்க. ஆச்சுன்னு சொன்னா வடக்கத்திக்காரங்க அவர்கிட்ட ஓடிப்போய்ச் சொல்வாங்க. நான் 'ம்' அப்படின்னேன். அவ்வளவுதான். அவர் சந்தோஷத்துல கப்பல்ல எல்லாருக்கும் பீர் வாங்கிக் குடுத்தாராம்."

"அம்மா" என்றான் ரஃபா.

"அவர் வந்ததும் சொல்லிடலாம்னு இருந்தேன். ஒண்ணரை வருஷம் கழிச்சு வந்தாரு. உன்னைத் தூக்கி, நெத்தியில சிலுவை போட்டாரு. எப்படிச் சொல்றது. அப்புறம் சுவாவுக்கு வந்தோம். பள்ளிக்கூடத்துல நற்கருணைக்குப் பேர் குடுத்தாங்க. புயல்னு சொன்னேன். நீ வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு ரொம்ப அழகா இருந்த. வாக்குக் குடுத்தவரு அவரு. எனக்குத் தெரிவிக்க மட்டும்தான் செஞ்சாங்க. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன்னை அந்த வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனது நான்தானே. உள்ள போறியான்னு பாத்துட்டுத்தான் நான் போவேன்."

ரஃபா எழுந்தான். பிறகு உட்கார்ந்தான். அவன் கை என் பக்கம் வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் நின்றது. நான் பிடித்துக்கொண்டேன்.

ஃபாதர் அந்தத் தாளைப் பாதியாக மடித்தார். "தோரிகா, நான் எழுதணும். நீங்க நேராச் சொல்லணும். கேக்கறேன். ரஃபாயெலெ ஞானஸ்நானம் வாங்கினதை நீங்க பாத்தீங்களா?"

ஆன்ட்டி இப்போது கையை எடுத்து வேதப்புத்தகத்தின் மேல் வைத்தார். உள்ளங்கை முழுதும் பதியும்படி.

"பாக்கல ஃபாதர். யாரும் பாக்கல. என் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கவே இல்ல."